குழுத் தலைவர்களிடம் பட்ஜெட் விவரம் கேட்கும் மின்னஞ்சல்: அளவைக் கேளுங்கள், பணத்தைக் கேட்காதீர்கள்

கேள்வி: மொரீஷியஸின் எபேனில் ஒரு விநியோக நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். ஜூலையில் தொடங்கும் நிதியாண்டுக்குக் கீழிருந்து மேலாக பட்ஜெட் தயாரிக்கச் சொல்கிறார்கள். ஆறு குழுத் தலைவர்களுக்கு நான் மின்னஞ்சல் அனுப்ப வேண்டும். அதில் என்ன எழுதுவது, படிவம் எப்படி இருக்க வேண்டும், கெடு எப்போது வைப்பது? சென்ற ஆண்டு வந்த பதில்களில் ஒன்றோடொன்று ஒத்துப்போனது எதுவும் இல்லை.

பதில்:

சென்ற ஆண்டு பதில்கள் ஒத்துப்போகாததற்குக் குழுத் தலைவர்களின் அலட்சியம் காரணமாக இருந்திருக்காது. அவர்களிடம் ரூபாய்க் கணக்கைக் கேட்டதுதான் காரணமாக இருந்திருக்கும். ரூபாய்த் தொகை ஒன்றுக்குள் எத்தனை, என்ன விலை என்ற இரண்டு செய்திகள் ஒளிந்திருக்கின்றன. எத்தனை வண்டி, எத்தனை லிட்டர், எத்தனை ஆள் என்பது குழுத் தலைவருக்கு நன்றாகத் தெரியும். அடுத்த ஜனவரியில் ஒரு லிட்டர் என்ன விலை, யூரோ எத்தனை ரூபாய் என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. தெரியவேண்டிய அவசியமும் இல்லை. ஆறு பேரும் ஆறு விதமான விலையை மனத்தில் வைத்துக்கொண்டு தொகை எழுதினால், வந்து சேரும் எண்களை யாராலும் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. ஆகையால் மின்னஞ்சலும் படிவமும் "அளவு உங்களுடையது, விலை எங்களுடையது" என்ற ஒரே ஏற்பாட்டின்மேல் நிற்கட்டும்.

மொரீஷியஸில் இந்த ஏற்பாட்டுக்குக் கூடுதலாக ஒரு காரணமும் உண்டு. நீங்கள் மார்ச்சில் விவரம் திரட்டுவீர்கள். அரசின் பட்ஜெட் உரை வழக்கமாக ஜூனில்தான் வரும்; ஒரு தீர்வை அப்போது மாறலாம். எரிபொருள் விலை ஆண்டின் நடுவில் மாறலாம். சம்பள ஈட்டுத்தொகை ஆண்டு இறுதியில் அறிவிக்கப்பட்டு ஜனவரியிலிருந்து நடைமுறைக்கு வரும்; உங்கள் நிதியாண்டின் சரிபாதியில் அது விழுகிறது. குழுத் தலைவர்கள் ரூபாயில் எழுதியிருந்தால், இவற்றில் ஒன்று மாறும்போதெல்லாம் ஆறு பேரிடமும் திரும்பப் போய்க் கேட்க வேண்டியிருக்கும். அளவாக எழுதியிருந்தால், உங்கள் கையிலுள்ள விலைப் பட்டியலில் ஒரு கட்டத்தை மாற்றினால் போதும்.

இனி மின்னஞ்சல். உங்கள் அலுவலகத்தில் அது ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோதான் போகும் என்று நினைக்கிறேன். அமைப்பு புரிவதற்காகத் தமிழில் முழுவதுமாக எழுதித் தருகிறேன். தேதிகள் 2026–27 நிதியாண்டுக்கானவை.

> பொருள்: 2026–27 பட்ஜெட் – உங்கள் குழுவின் அளவுகள் – மார்ச் 25 புதன், பிற்பகல் 3 மணிக்குள்
>
> அனைவருக்கும் வணக்கம்.
>
> 2026 ஜூலை முதல் 2027 ஜூன் வரையிலான பட்ஜெட்டை இவ்வாண்டு உங்கள் குழுக்களின் வேலை அளவிலிருந்து தொடங்கித் தயாரிக்கிறோம். உங்கள் குழுவின் பெயரில் ஒரு கோப்பை இணைத்திருக்கிறேன். அதன் `Inputs` தாளில் மஞ்சள் நிறக் கட்டங்களை மட்டும் நிரப்பி, மார்ச் 25 புதன்கிழமை பிற்பகல் 3 மணிக்குள் எனக்கு அனுப்புங்கள்.
>
> எங்கும் ரூபாய் எழுத வேண்டாம். லிட்டர், கிலோமீட்டர், ஆள், நாள், உரிமம் என்று அளவாகவே எழுதுங்கள். விலையைக் கணக்குப் பிரிவு போடும். விலைப்புள்ளி வாங்கிச் செய்யும் ஒருமுறைச் செலவுகள் மட்டும் இதற்கு விலக்கு. அவற்றுக்கு வாட் சேர்க்காத தொகையை எழுதி, விலைப்புள்ளியை இணையுங்கள். வெளிநாட்டு நாணயத்தில் கட்டணம் இருந்தால் அந்த நாணயத்திலேயே எழுதுங்கள்.
>
> சம்பளம், ஆண்டு இறுதி போனஸ், சமூகப் பங்களிப்புகள் ஆகியவற்றை நீங்கள் கணக்கிட வேண்டாம். ஒவ்வொரு மாதமும் உங்கள் குழுவில் எத்தனை பேர் இருப்பார்கள், கூடுதல் நேர வேலை எத்தனை மணி என்பவை மட்டும் போதும். புதிய ஆள் தேவையென்றால் எந்த மாதத்திலிருந்து, எந்த வேலைக்கு, ஆள் வராவிட்டால் எந்த வேலை நிற்கும் என்பதை ஒரே வரியில் எழுதுங்கள்.
>
> ஒவ்வொரு வரியிலும் "தொடரும்" அல்லது "புதியது" என்று தேர்ந்தெடுங்கள். இன்று நடந்துகொண்டிருப்பது அப்படியே நடக்கத் தேவைப்படுவது "தொடரும்". இன்று இல்லாத ஒன்று "புதியது". சந்தேகமாக இருந்தால் "புதியது" என்றே குறியுங்கள்.
>
> விற்பனைக் குழு மட்டும் மாதவாரியான பெட்டி எண்ணிக்கையை மார்ச் 11 புதனன்றே அனுப்ப வேண்டும். அதை மார்ச் 13 வெள்ளியன்று மற்றக் குழுக்களுக்கு அனுப்பிவைப்பேன். கிடங்கு, விநியோகம், வாடிக்கையாளர் சேவை ஆகிய குழுக்கள் தங்கள் அளவுகளை அந்த எண்ணிக்கையின்மேல் போட வேண்டுகிறேன்.
>
> மார்ச் 10 செவ்வாய் காலை 10 மணிக்கு அரைமணி நேரம் படிவத்தைத் திரையில் காட்டி விளக்குகிறேன். மார்ச் 25-க்குள் வராத தாளுக்கு, நடப்பாண்டின் "தொடரும்" அளவுகளை நானே போட்டுவிடுவேன். "புதியது" எதுவும் சேர்க்கப்படாது.
>
> நன்றி.

இதில் சில இடங்கள் ஏன் இப்படி எழுதப்பட்டிருக்கின்றன என்று சொல்லிவிடுகிறேன். மாற்றும்போது தவறிப்போகாமல் இருக்கும்.

முதலில் கெடு. மார்ச் 12 சுதந்திர தினம், 19 உகாதி, அதை ஒட்டிப் பிறை பார்த்து நிச்சயமாகும் ரம்ஜான் பெருநாள் என்று அந்த மாதத்தின் நடுப்பகுதி துண்டுதுண்டாகக் கிடக்கிறது. அந்த வாரத்து வெள்ளியைக் கெடுவாக வைத்தால், பாதிப் பேர் புதனன்று மாலை அவசரமாக எதையாவது நிரப்பி அனுப்புவார்கள். விடுமுறைகளுக்குப் பின் இரண்டு வேலைநாள் விட்டு 25 புதனை வைத்தேன். மணியும் குறிப்பிட்டிருப்பது, "மாத இறுதிக்குள்" என்று எழுதினால் அது அடுத்த மாதத் தொடக்கம் என்றே எடுத்துக்கொள்ளப்படும் என்பதால். மின்னஞ்சலை மார்ச் 2 திங்களன்று அனுப்பினால் போதும். அதற்கும் முன்னால் அனுப்பினால் மறந்துவிடுகிறார்கள்.

விற்பனைக் குழுவுக்குத் தனியாக முந்திய தேதி கொடுத்திருப்பதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. கீழிருந்து மேலாக என்று சொன்னாலும் எல்லாக் குழுவும் ஒரே தளத்தில் நிற்பதில்லை. எத்தனை பெட்டி விற்கும் என்று தெரியாமல் விநியோகத் தலைவர் எத்தனை நடை என்று எழுத முடியாது. எல்லோருக்கும் ஒரே நாளைக் கெடுவாக வைத்தால், விற்பனையில் பத்து சதவீத வளர்ச்சியும், கிடங்கில் வளர்ச்சியே இல்லாமலும், விநியோகத்தில் இருபது சதவீத வளர்ச்சியும் வந்து சேரும். உங்களுக்குச் சென்ற ஆண்டு நடந்தது இதுவாகவும் இருக்கலாம்.

சம்பளத்தை அவர்கள் கையில் கொடுக்காததற்கு ரகசியம் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், இங்கே டிசம்பர் மாதக் கணக்கு மற்ற மாதங்களைப் போல இருக்காது. ஆண்டு வருமானத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கான போனஸ் சட்டப்படி டிசம்பரில் கொடுபடும்: முக்கால் பங்கு கிறிஸ்துமஸுக்கு ஐந்து வேலைநாளுக்கு முன்பாக, மீதி ஆண்டின் கடைசி வேலைநாளுக்குள். ஒரு குழுத் தலைவர் அதைப் பன்னிரண்டு மாதத்துக்கும் பிரித்துப் போடுவார், இன்னொருவர் டிசம்பரில் மொத்தமாகப் போடுவார், மூன்றாமவர் விட்டேவிடுவார். பிறகு மனிதவளப் பிரிவும் தன் பங்குக்கு ஒருமுறை சேர்க்கும். ஆள் எண்ணிக்கையை மட்டும் வாங்கினால் இந்தக் குழப்பம் தொடக்கத்திலேயே அறுபட்டுவிடும்.

கெடு தவறியவருக்கு என்ன நடக்கும் என்ற கடைசி வரியை நீக்கிவிடாதீர்கள். கடுமையாகத் தோன்றினாலும் அது மிரட்டல் இல்லை. என்ன செய்யப்போகிறீர்கள் என்பதை முன்கூட்டியே சொல்வதுதான். இந்த வரி இல்லாதபோது நான் ஏப்ரல் முழுவதும் தொலைபேசியிலேயே இருந்திருக்கிறேன். ஆனால், மின்னஞ்சலை அனுப்புமுன் மேலாளரிடம் இந்த வரிக்கு வாய்மொழியாக ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள். அவர் பின்னால் ஒருவருக்குச் சலுகை காட்டினால் அடுத்த ஆண்டு யாரும் நம்பமாட்டார்கள்.

"இவ்வளவுக்குமேல் போகக்கூடாது" என்ற உச்சவரம்பை மின்னஞ்சலில் எழுதலாமா என்று நீங்கள் அடுத்துக் கேட்பீர்கள். எழுதாதீர்கள் என்பதே என் கருத்து. வரம்பு தெரிந்தால் எல்லோரும் அதைத் தொடும்வரை நிரப்புவார்கள். பிறகு கீழிருந்து கேட்டதற்குப் பொருள் இல்லை.

படிவத்துக்கு வருவோம். இரண்டு தாள்கள்: `Inputs`, `Rates`. முதல் தாளில் A செலவுக் குறியீடு, B விவரம், C எதைப் பொறுத்துக் கூடும் குறையும், D அலகு, E தொடரும் அல்லது புதியது, F காரணம். G முதல் R வரை ஜூலையிலிருந்து ஜூன் வரையிலான பன்னிரண்டு மாதங்கள். `Rates` தாளிலும் அதே வரி, அதே மாதக் கட்டம், அங்கே விலை. மாதத்துக்கு ஒரு விலை வைப்பதால்தான் ஜனவரி மாற்றத்தைத் தனியாகப் போட முடிகிறது. ஆண்டுத் தொகை T கட்டத்தில்:

```
=SUMPRODUCT(G8:R8,Rates!G8:R8)
```

இந்தச் சூத்திரத்தைக் கோப்பிலேயே எழுதி வைத்து அனுப்புங்கள். மின்னஞ்சலில் எழுதி ஒட்டிக்கொள்ளச் சொல்லாதீர்கள். பிரெஞ்சு எக்செல் வைத்திருப்பவருக்கு அது `SOMMEPROD` என்றும், காற்புள்ளிக்குப் பதில் அரைப்புள்ளியோடும் இருக்க வேண்டும். கோப்புக்குள் இருந்தால் எக்செல் தானாகவே மாற்றிக் காட்டிவிடும்.

மொழி அமைப்பினால் வரும் இன்னொரு தொல்லையை நான் நேரில் பட்டிருக்கிறேன். அப்போது நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு குழுத் தலைவர் மாதம் 1,500 லிட்டர் என்று எழுதினார். அவர் கணினியில் பிரெஞ்சு அமைப்பு. அங்கே காற்புள்ளி தசமப் புள்ளி. எக்செல் அதை ஒன்றரை லிட்டர் என்று எடுத்துக்கொண்டது. மொத்தத் தொகையில் பல பெரிய வரிகள் இருந்ததால் கண்ணில் படவில்லை. ஆகஸ்டில் முதல் மாதச் செலவை ஒப்பிட்டபோதுதான் தெரிந்தது. பட்ஜெட்டில் ஒரு மாத எரிபொருள் நூறு ரூபாய்கூட இல்லை.

இதைத் தடுக்க, மஞ்சள் கட்டங்களில் முழு எண் மட்டுமே ஏற்கும்படி `Data Validation` வையுங்கள். ஒன்றரையாக மாறும் எண்ணை அது தட்டச்சு செய்யும்போதே தள்ளிவிடும். ஆனால் இதற்கும் எல்லை உண்டு: வேறு கோப்பிலிருந்து வெட்டி ஒட்டினால் அந்தக் காவல் வேலை செய்யாது. ஒட்டியவை சில சமயம் எண்ணாக இல்லாமல் எழுத்தாகவும் வந்து விழும். மேலே கொடுத்த சூத்திரம் எழுத்தைச் சத்தமில்லாமல் பூச்சியமாகக் கருதும். ஆகையால் S கட்டத்தில் இதையும் வையுங்கள்:

```
=IF(COUNT(G8:R8)=12,"OK","CHECK")
```

பன்னிரண்டு கட்டத்திலும் எண் இருந்தால்தான் `OK` வரும். செலவே இல்லாத மாதத்தில் பூச்சியம் எழுதச் சொல்லுங்கள். வெற்றாக விட்டால் மறந்துவிட்டாரா, இல்லை வேண்டாமென்று விட்டாரா என்று உங்களுக்குத் தெரியாது.

ஒரு தாள் நிரம்பி வந்தால் அதை எப்படிப் படிப்பது என்று காட்ட, விநியோகக் குழுவின் எரிபொருள் வரியை மட்டும் எடுத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காக நான் போட்டவை. ஆறு வேன்கள். ஒரு வேன் நாளுக்கு 80 கிலோமீட்டர், மாதம் 24 நாள், ஆக 1,920 கிலோமீட்டர். லிட்டருக்கு 10 கிலோமீட்டர் ஓடினால் ஒரு வேனுக்கு 192 லிட்டர், ஆறுக்கும் 1,152 லிட்டர். விற்பனைக் குழு மார்ச் 11-இல் அனுப்பிய எண்ணிக்கையில் நவம்பரும் டிசம்பரும் கால் பங்கு கூடுதல்; ஆக அந்த இரண்டு மாதமும் 1,440 லிட்டர். ஆண்டுக்கு 14,400 லிட்டர். திட்ட விலை லிட்டருக்கு 60 ரூபாய் என்று வைத்தால் 864,000 ரூபாய்.

இதே தலைவரிடம் ரூபாயாகக் கேட்டிருந்தால் என்ன வந்திருக்கும்? நடப்பாண்டுச் செலவு 928,000. விலைவாசிக்காகப் பத்து சதவீதம் கூட்டி 1,020,800 என்று எழுதியிருப்பார். அதில் தவறு கண்டுபிடிக்க உங்களுக்கு வழியே இருந்திருக்காது. நடப்பாண்டின் முதல் ஆறு மாதம் இரண்டு பழைய வேன்கள் லிட்டருக்கு 7 கிலோமீட்டர்தான் ஓடின. ஜனவரியில் அவற்றை மாற்றியாகிவிட்டது. அந்த வீண் எரிபொருள் பழைய தொகைக்குள் இருக்கிறது. பத்து சதவீதம் கூட்டும்போது இல்லாத வேன்களுக்கும் சேர்த்துக் கூட்டுகிறோம். இரண்டுக்கும் வித்தியாசம் 156,800 ரூபாய். தலைவர் பொய் சொல்லவில்லை. கேள்வி அவரை அந்த இடத்துக்குக் கொண்டுபோனது.

அளவாகக் கேட்டால் மட்டும் யாரும் கூட்டி எழுதமாட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. லிட்டரையும் கூட்டி எழுதலாம். ஆனால் அளவை அளவோடு உரசிப் பார்க்கலாம். வந்த லிட்டரைக் கிலோமீட்டரோடும், கிலோமீட்டரைப் பெட்டி எண்ணிக்கையோடும் வகுத்துப் பாருங்கள். நடப்பாண்டில் லிட்டருக்கு 10 ஓடிய வண்டி அடுத்த ஆண்டு 8 ஓடும் என்று தாள் சொன்னால், அந்த ஒரு வரியைப் பற்றிக் கேட்டு ஒரு குறுஞ்செய்தி அனுப்பினால் போதும். ஒன்றரை லிட்டர் தவறும் இந்த வகுத்தலில் உடனே வெளிப்பட்டிருக்கும். அன்று நான் வகுத்துப் பார்க்கவில்லை.

எல்லாச் செலவும் அளவுக்குள் அடங்காது. வண்டி பழுது, கிடங்குக் கூரை ஒழுக்கு, ஆலோசகர் கட்டணம் போன்றவற்றுக்கு அலகு தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். பழுதுக்குக் கடந்த மூன்று ஆண்டு பில்களை நீங்களே எடுத்து `Rates` தாளில் மாதத்துக்கு ஒரு தொகை போடுங்கள்; `Inputs` தாளின் அதே வரியில் மாதத்துக்கு 1 என்று எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் பெருக்கும்போது பூச்சியமாகிவிடும். விலைப்புள்ளி உள்ளதை அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள்; தொகை ரூபாயில் இருந்தால் அந்த வரிக்கு `Rates` தாளில் 1 போடுங்கள். வாட் சேர்க்காமல் எழுதச் சொன்னது, எந்தச் செலவின் வாட் திரும்பக் கிடைக்கும், எதற்குக் கிடைக்காது என்ற முடிவு உங்கள் பிரிவில் மட்டும் இருக்கவேண்டும் என்பதற்காக. ஒருவர் சேர்த்தும் ஒருவர் சேர்க்காமலும் எழுதினால் 15 சதவீத வித்தியாசம் எங்கே இருக்கிறது என்று தேடுவதிலேயே ஒரு நாள் போய்விடும்.

"புதியது" என்று வந்தவற்றைத் தனியாக வடிகட்டி ஒரே தாளில் மேலாளர் முன் வையுங்கள். கேட்ட தொகையைவிடக் கூட்டத்தில் பேசப்படுவது காரணக் கட்டம்தான். அங்கே "வேலைப் பளு அதிகம்" என்று மட்டும் எழுதியிருந்தால் கூட்டத்துக்கு முன்பே தலைவரிடம் திருப்பி அனுப்புங்கள். "நவம்பரில் ஆறு வேனும் இரண்டாம் நடை போகும்போது ஏற்றுவதற்கு இரண்டே பேர், முதல் நடை காலை ஒன்பதரைக்குத்தான் கிளம்புகிறது" என்று எழுதி வந்தால், வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ சொல்ல மேலாளருக்கு ஏதோ ஒன்று கையில் இருக்கும்.

படிவத்தை அனுப்புவதற்கு முன் ஒரு குழுத் தலைவரை, எக்செல்லில் அதிகம் பழகாத ஒருவரைத் தேர்ந்தெடுத்து, உங்கள் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு தாளை நிரப்பச் சொல்லுங்கள். வாய் திறக்காமல் பாருங்கள். அவர் எங்கே நின்று உங்களைத் திரும்பிப் பார்க்கிறாரோ, அந்த வரியைத்தான் மின்னஞ்சலில் மாற்றி எழுத வேண்டும்.